26 என்ற விடையும் 180 மரக்கட்டைகளும்

போன வருடம் ஏழாம் வகுப்பில் கரும்பலகையில் ஒரு படம் வரைந்தேன். நீளத்துக்கு மூன்று, அகலத்துக்கு மூன்று, உயரத்துக்கு மூன்று எனச் சின்னக் கட்டைகளை அடுக்கிச் செய்த கனச்சதுரம். மொத்தம் எத்தனை கட்டை என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லோரும் 27 என்றார்கள். பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிட்டது என்று நிம்மதியாக அடுத்த பாடத்துக்குப் போனேன்.

இந்த வருடம் அதே கேள்வியைக் கொஞ்சம் மாற்றி, 4 கட்டை நீளம், 3 அகலம், 2 உயரம் உள்ள கனச்செவ்வகத்தை வரைந்தேன். வகுப்பில் 28 பேர். பாதிக்குப் பாதி 26 என்று எழுதியிருந்தார்கள். சரியான விடை 24. இரண்டுதான் வித்தியாசம் என்பதால் முதலில் எண்ணும்போது தவறிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் பாதி வகுப்பு ஒரே மாதிரி தவறுமா?

ஒரு பெண்ணைக் கூப்பிட்டு எண்ணிக் காட்டச் சொன்னேன். மேல்புறத்தில் 12 கட்டம், முன்புறத்தில் 8, பக்கவாட்டில் 6. கூட்டினால் 26. கட்டைகளை அவள் எண்ணவே இல்லை. படத்தில் தெரிகிற சதுரங்களை எண்ணியிருக்கிறாள். அப்போதுதான் போன வருடத்து 27 உறைத்தது. 3×3×3 படத்தில் தெரிவது மூன்று முகங்கள், முகத்துக்கு 9 சதுரம், ஆக 27. தப்பாக எண்ணினாலும் சரியான விடை வந்துவிடுகிறது! அந்தக் கேள்வியால் எதையும் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்படி ஏமாற்றக்கூடிய கனச்செவ்வகங்கள் மூன்றே மூன்று: 3×3×3, 2×4×4, 2×3×6. கட்டைகளின் எண்ணிக்கையும் கண்ணுக்குத் தெரியும் சதுரங்களின் எண்ணிக்கையும் இவை மூன்றில் மட்டும் ஒன்றாக இருக்கின்றன. (பக்கங்களின் தலைகீழிகளைக் கூட்டினால் 1 வர வேண்டும் என்பதுதான் நிபந்தனை.) கேள்வித்தாளில் இந்த மூன்றையும் போடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

மாறாக 4×3×2 அருமையான படம். அதற்கு வரும் ஒவ்வொரு தப்பான விடைக்கும் ஒரு முகவரி இருக்கிறது. 26 என்றால் தெரியும் சதுரங்களை எண்ணியவர். 18 என்றால் தெரியும் கட்டைகளை ஒழுங்காக எண்ணிவிட்டு, பின்னால் மறைந்திருக்கும் 6 கட்டைகளை விட்டவர். 52 என்றால் ஆறு முகங்களிலும் உள்ள சதுரங்களை எண்ணியவர். 9 என்றால் மூன்று பக்கங்களையும் கூட்டியவர். அமெரிக்காவில் மைக்கேல் பட்டிஸ்டாவும் டக்ளஸ் கிளெமென்ட்ஸும் 1996-இல் வெளியிட்ட ஆய்விலும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் இதே போலத்தான் முகங்களை எண்ணியிருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் வந்த கோளாறு இல்லை.

கன அளவுச் சூத்திரம் முறைப்படி 9-ஆம் வகுப்பு அளவியலில் வருகிறது. எங்கள் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஆனாலும் டியூஷன் போகிற நாலைந்து பேர் இப்போதே "நீளம், அகலம், உயரம், மூணையும் பெருக்கணும் சார்" என்கிறார்கள். அவர்களில் இரண்டு பேரின் தாளிலும் 26 தான் இருந்தது. சூத்திரம் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம், நடுவில் பாலம் இல்லை. சரி, கட்டையைக் கையில் கொடுத்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

ஏழு குழு, குழுவுக்கு 24 கட்டை, ஆக 168. தொலைந்து போவதற்கும் சேர்த்து 180 என்று கணக்கு. ஒரு அங்குல ரீப்பர் வாங்கினேன். இழைத்த பிறகு அது 23 மி.மீ. தான் இருந்தது. பரவாயில்லை, நமக்குத் தேவை கனச்சதுரம்தான், சென்டிமீட்டர் இல்லை. மரப்பட்டறை ஆசாரியிடம் 23 மி.மீ.க்கு ஒரு கோடு என வரிசையாகப் பென்சிலால் குறித்துக் கொடுத்தேன். அவரும் கோட்டுக்குக் கோடு வட்ட ரம்பத்தில் அறுத்துத் தந்துவிட்டார்.

பையில் அள்ளி வந்து மேசையில் கொட்டினேன். பார்வைக்குக் கனச்சதுரங்கள்தான். பத்துக் கட்டைகளை அறுத்த முகம் அறுத்த முகத்தோடு சேரும்படி வரிசை வைத்தேன். இன்னொரு பத்தை இழைத்த முகம் சேரும்படி பக்கத்தில் வைத்தேன். ஒரு வரிசை 230 மி.மீ., மற்றது 205! ஒரு கட்டைக்கும் அதிகமான வித்தியாசம். ரம்பத்தின் பல் ஒவ்வொரு அறுப்பிலும் இரண்டரை மி.மீ. மரத்தைத் தூளாக்கிவிடும் என்பது கணக்கு வாத்தியாருக்கு உறைக்கவில்லை. தப்பு ஆசாரி மேல் இல்லை, கோடு போட்ட என் மேல்.

யாராவது செய்வதாக இருந்தால் ஒரு வார்த்தை: ஒற்றைக் கட்டையை ஸ்கேலில் அளந்து பார்ப்பதில் பயனில்லை. ஒரு மி.மீ. பிழை கண்ணில் படாது. பத்துக் கட்டைகளை மூன்று திசையிலும் வரிசை வைத்துப் பாருங்கள். பிழை பத்து மடங்காகித் தானே வெளியே வரும்.

இரண்டாம் முறை கோடே போடவில்லை. ரம்பத்திலிருந்து 23 மி.மீ. தள்ளி ஒரு தடுப்புக் கட்டையை ஆசாரி முறுக்கி வைத்தார். ரீப்பரின் முனையைத் தடுப்பில் முட்ட வைப்பது, அறுப்பது, மறுபடி முட்ட வைப்பது. ஒவ்வொரு துண்டும் அதே அளவு. 180 கட்டைக்கு, ரம்பம் தின்பதையும் சேர்த்து, பதினாறு அடி ரீப்பர் போயிற்று. சின்னத் துண்டுகளை ரம்பத்தருகே கையால் தள்ளுவது ஆபத்து, அந்த வேலையை நாமே செய்யப் போகக் கூடாது. வீட்டுக்கு வந்து பிசிறுகளை உப்புத்தாளில் தேய்த்தேன். பெயின்ட் அடிக்கவில்லை. அடித்தால் கனம் கூடும், வெயில் காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டும்.

முதல் தடவை அறுத்த கட்டைகளையும் தூக்கிப் போடவில்லை. அவற்றுக்குப் பிறகு வேலை வந்தது.

முதல் நாள் குழுவுக்கு 24 கட்டை. கேட்டது ஒன்றுதான்: 24-ஐயும் பயன்படுத்தி, ஓட்டை இல்லாமல், எத்தனை விதமான பெட்டி வடிவம் செய்ய முடியும்? பெஞ்சில் வைத்தால் உருண்டு விழுந்து சத்தம் காதைப் பிளக்கும் என்று தரையில் சாக்கு விரித்து உட்கார வைத்தேன். முதலில் எல்லோரும் நீளமாக ஒரே வரிசையில் அடுக்கினார்கள். 55 செ.மீ. ரயில். அப்புறம் இரண்டு வரிசை, மூன்று வரிசை. இரண்டு அடுக்காக ஏற்றலாம் என்பது பத்து நிமிடம் கழித்துத்தான் ஒரு குழுவுக்குத் தோன்றியது. அது பக்கத்துக் குழுக்களுக்கும் உடனே பரவிவிட்டது.

ஆறு விதம் உண்டு: 1×1×24, 1×2×12, 1×3×8, 1×4×6, 2×2×6, 2×3×4. ஒரு குழு ஒன்பது எழுதியிருந்தது. பார்த்தால் 2×3×4-ஐ நிற்க வைத்து, படுக்க வைத்து, பக்கவாட்டில் சாய்த்து மூன்றாக எண்ணியிருந்தார்கள், இன்னொன்றையும் அப்படியே இரண்டு தடவை. "ஒரே பெட்டிதானே, சாய்ச்சா மாறிடுமா?" என்று எதிர்க் குழு கேட்டது. "அடுக்கு மாறுதுல்ல!" என்றான் இந்தக் குழுப் பையன். இரண்டு பேர் சொன்னதும் சரி. படுக்க வைத்தால் அடுக்குக்கு 12, இரண்டு அடுக்கு. பக்கவாட்டில் வைத்தால் அடுக்குக்கு 8, மூன்று அடுக்கு. நிற்க வைத்தால் 6, நான்கு அடுக்கு. சண்டையைத் தீர்க்காமல் மூன்றையும் பலகையில் எழுதி விட்டுவிட்டேன். 'அடுக்கு' என்ற சொல் என் வாயிலிருந்து வரும் முன் அவன் வாயிலிருந்து வந்துவிட்டது. அந்தப் பாடவேளையில் எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கட்டைகளைத் திருப்பித் தர வேண்டும். 168-ஐயும் யார் எண்ணுவது? ஒவ்வொரு குழுவும் 2×3×4 பெட்டியாக அடுக்கி வைக்கச் சொன்னேன். முழுப் பெட்டியாக இருந்தால் கணக்குச் சரி, மூலை குறைந்தால் யார் சட்டைப் பையிலோ இருக்கிறது. நாலு நாளும் இப்படித்தான் எடுத்து வைத்தோம்.

ஆனால் ஒரு குறை தெரிந்தது. வேண்டிய கட்டை எல்லாம் கையில் இருந்தால், பிள்ளைகள் ஒன்று இரண்டு என்று எண்ணித்தான் தீர்ப்பார்கள். பெருக்குவதற்கு அவர்களுக்கு அவசியமே இல்லை. அதனால் இரண்டாம் நாள் கட்டைக்குப் பஞ்சம் வைத்தேன்.

பழைய காலண்டர் அட்டையில் மூடியில்லாத பெட்டிகள் செய்திருந்தேன். உள்ளே 5×4×3, அதாவது 60 கட்டை கொள்ளும். ஆனால் குழுவிடம் இருப்பது 24 தான். 5 கட்டைக்கு 115 மி.மீ., 4 கட்டைக்கு 92 மி.மீ. என்று துல்லியமாக மடித்த முதல் பெட்டியில் ஐந்தாவது கட்டை இறங்கவே இல்லை. அட்டை மடிப்பில் உட்பக்கம் கொஞ்சம் சுருங்கிவிடுகிறது. இரண்டு பக்கமும் 3 மி.மீ. கூட்டி 118, 95 என்று வைத்ததும் சரியாகிவிட்டது. ஒரு பெட்டியில் தாராளமாக 8 மி.மீ. விட்டுவிட்டேன். அதை வாங்கிய குழு, "சார், ஓரத்துல இடம் மிச்சமிருக்கு, அதை எப்படி எண்றது?" என்று பிடித்துக்கொண்டது. நியாயமான கேள்வி. அந்தப் பெட்டியை மாற்றிக் கொடுத்தேன்.

பெட்டி நிறைய எத்தனை கட்டை வேண்டும்? எண்ணுவதற்குக் கட்டை போதாது. ஐந்து குழுக்கள் அடித்தளத்தை 20 கட்டைகளால் நிரப்பின. மிச்சம் 4. அதில் இரண்டை ஒரு மூலையில் ஏற்றியதும் விளிம்பு வந்துவிட்டது. "மூணு அடுக்கு, இருபது மூணு அறுபது." ஒரு குழு மட்டும் தரையை நிரப்பாமல் நீளவாட்டில் ஒரு சுவர் எழுப்பியது. நீளம் 5, உயரம் 3, சுவருக்கு 15 கட்டை. மிச்சமுள்ள 9-இல் மூன்றை வைத்து அகலத்தில் இன்னும் மூன்று சுவர் நிற்கும் என்று பார்த்துக்கொண்டார்கள். 15 நாலு 60. அந்தக் குழுவில் ஒருத்தியின் அப்பா கொத்தனார். "எங்கப்பா செங்கல்லைச் சுவர் கணக்குலதான் சொல்வாங்க" என்றாள்.

ஏழாவது குழு 24-ஐயும் உள்ளே கொட்டிவிட்டு, "பாதி கூட நிறையல, அம்பது இருக்கும்" என்று குத்துமதிப்பாகச் சொன்னது. அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. சுவர்க் குழுவின் பெட்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். போய் வந்து, வேறு மாதிரி செய்ய வேண்டும் என்ற வீம்பில், சின்னப் பக்கத்தில் சுவர் எழுப்பினார்கள். அகலம் 4, உயரம் 3, சுவருக்கு 12, அப்படி ஐந்து. மூன்று வழியும் ஒரே நாளில் வகுப்புக்குள் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் பஞ்சத்தை இன்னும் கூட்டினேன். குழுவுக்குப் பத்தே கட்டை. பெட்டியும் பார்வைக்கு வேறு, நிமிர்ந்து நிற்கும் புதுப் பெட்டி, உள்ளே 4×3×5. இந்த முறை ஒரு அடுக்குக்கே 12 வேண்டும், 10 தான் இருக்கிறது. மூலையில் தொடங்கி மூன்று விளிம்புகளிலும் கட்டை வைப்பதுதான் வழி. மூலைக் கட்டை பொதுவாக இருப்பதால் 4, பிறகு கூடுதலாக 2, பிறகு மேலே கூடுதலாக 4, மொத்தம் பத்து சரியாக இருக்கும்.

இங்கேதான் எனக்கு இந்தப் பாடத்தின் முக்கியமான முடிச்சு தென்பட்டது. நான்கு குழுக்கள் 32 என்றார்கள். நீளத்துக்கு 4 கட்டை வைத்தார்கள். அகலத்துக்கு எத்தனை வைத்தோம்? இரண்டு. உயரத்துக்கு? நாலு. 4×2×4. மூலையில் நிற்கும் கட்டை நீளத்தின் கணக்கில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது, திரும்ப எண்ணினால் இரண்டு தடவை ஆகிவிடும் என்பது அவர்கள் வாதம். எண்ணுகிறவனுக்கு அது சரியான எச்சரிக்கைதான். முதல் நாள் முழுக்க "ஒரே கட்டையை ரெண்டு தடவை எண்ணாதே" என்று அதட்டியவனே நான்தான்.

வாயால் சொல்லி இதைத் தீர்க்க முடியவில்லை. நானும் முயன்றேன், "அந்தக் கட்டை மூணு பக்கத்துக்கும் பொதுடா" என்றேன், தலையாட்டினார்கள், மறுபடி 32 என்றார்கள். கடைசியில் பக்கத்துக் குழுவின் கட்டைகளையும் வாங்கி, அடித்தளத்தை மட்டும் நிரப்பச் சொன்னேன். நீளவாட்டில் முதல் வரிசை 4. அதற்குப் பின்னால் இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை. "எத்தனை வரிசை?" மூன்று. "நீ அகலத்துல கூடுதலா வச்சது எத்தனை?" இரண்டு. ஒரு பையன் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "முதல் வரிசையும் ஒரு வரிசைதானே. அதை விட்டுட்டோம்" என்றான்.

அகலத்தில் எண்ணுவது கட்டைகளை அல்ல, வரிசைகளை. உயரத்தில் எண்ணுவது அடுக்குகளை. மூலைக் கட்டை முதல் வரிசைக்கும் முதல் அடுக்குக்கும் ஓர் அடையாளமாக அங்கே நிற்கிறது. 4 கட்டை ஒரு வரிசை, 3 வரிசை ஓர் அடுக்கு, 5 அடுக்கு ஒரு பெட்டி. 60. மூன்று எண்ணும் மூன்று வேறு பொருள்களை எண்ணுகின்றன. பல வருடம் இந்தச் சூத்திரத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், இதை இப்படி ஒரு நாளும் யோசித்ததில்லை.

நான்காம் நாள் பலகையில் சூத்திரம் வந்தது, ஆனால் பிள்ளைகளின் சொல்லில்: ஒரு வரிசையில் எத்தனை × எத்தனை வரிசை × எத்தனை அடுக்கு. நீளம், அகலம், உயரம் என்று எழுத இன்னும் ஒரு படி மிச்சமிருந்தது. 5 செ.மீ. நீளம் என்றால் ஒரு வரிசையில் 1 செ.மீ. கட்டை ஐந்து உட்காரும் என்று பொருள். இதைச் சொல்லாமல் தாண்டிப் போனால், அளவுகோல் எண்ணுக்கும் கட்டைக்கும் தொடர்பு அறுந்துவிடும். அன்று அறுந்தும் போனது. "அப்ப அந்தப் பெட்டி 60 கன செ.மீ.யா சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். எங்கள் கட்டை 2.3 செ.மீ. பக்கம் உள்ளது. ஒரு கட்டையே 12 கன செ.மீ.க்குச் சற்று மேல். 60 கட்டை சுமார் 730 கன செ.மீ. இடமதிப்புப் பாடத்துக்கு வைத்திருக்கும் 1 செ.மீ. 'ஒன்று' கட்டைகளை எடுத்துவந்து எங்கள் கட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொரு திசையிலும் இரண்டு உட்கார்ந்து, மூன்றாவது வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. எட்டுக்கு மேல் ஒரு கட்டை என்பது அவர்களே பார்த்துச் சொன்னது. விடைக்குப் பின்னால் 'கட்டை' என்றா, 'கன செ.மீ.' என்றா எழுதுவது என்ற கேள்விக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அப்போதுதான் முதல் தடவை அறுத்த கட்டைகளை வெளியே எடுத்தேன். ஒரு பக்கம் மட்டும் குட்டையான அந்தக் கட்டைகளை 5×4×3 பெட்டியில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு விதமாக வைத்தால் ஐந்து வைத்த பிறகும் அரைக் கட்டைக்கு இடம் மிச்சம், திருப்பி வைத்தால் கச்சிதம். எப்படி வைக்கிறோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை ஆடினால் அதை வைத்து அளக்க முடியாது என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. ரம்பம் தின்ற இரண்டரை மி.மீ.க்கும் ஒரு பயன்.

மணல் லாரிக் கணக்கு ஒன்றும் போட்டோம். எங்கள் பக்கம் ஒரு யூனிட் மணல் என்றால் 100 கன அடி. 10 அடி நீளம், 5 அடி அகலம் உள்ள தொட்டியில் எவ்வளவு உயரம் கொட்டினால் ஒரு யூனிட்? கொத்தனார் மகள் முதலில் சொன்னாள்: "ஒரு அடுக்கு 50, ரெண்டு அடுக்கு." அரை அடி கூட்டினால் எவ்வளவு என்று கேட்டதற்கு வகுப்பு கொஞ்சம் தடுமாறியது. முழுக் கட்டைகளால் அதைக் காட்ட முடியாது, கட்டைகளின் எல்லை அங்கே வந்துவிடுகிறது. அரை அடுக்கு என்று சொல்லிப் பார்த்ததும் 25 வந்தது. மனசில் அடுக்கு இருந்ததால் வந்தது.

இரண்டு வாரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் காலையில் 5×3×2 படத்தைக் கொடுத்தேன். முகங்களை எண்ணினால் 31 வரும், தெரியும் கட்டைகளை எண்ணினால் 22, மூலையை விட்டால் 10. வேண்டுமென்றே அப்படித் தேர்ந்தது. 31 எழுதியவர் மூன்று பேர். 10 எழுதியவர் இருவர், இருவரும் மூன்றாம் நாள் பள்ளிக்கு வராதவர்கள். மற்ற 23 பேரும் 30. டியூஷன் பிள்ளைகளில் ஒருவன் 30 எழுதிவிட்டுப் படத்தின் முன்பக்கத்தில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டு, மேலே 15, கீழே 15 என்று எழுதியிருந்தான்.

31 எழுதிய மூவருக்கும் வராத இருவருக்கும் மதிய உணவுக்குப் பிறகு சாக்கை விரித்து, ஆளுக்குப் பத்துக் கட்டை கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன். எடுத்து வைக்கும்போது 2×3×4 பெட்டியில் ஒரு மூலை குறைகிறது. யாரிடம் என்று இன்னும் தெரியவில்லை.